ஒன்றரைக் கட்டை

காலை பத்து மணிக்கு வானொலியில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைத்தாள். சொன்னது பெண்டாட்டி, மாட்டிக்கொண்டது புருஷன்.

"முதல் நாள் மேடையில எந்தச் சுருதியில பாடினேனோ, அதே சுருதியிலதான் இன்னைக்கும் பாடுறேன். அரைக் கட்டை இறங்கினேன்னு யாராவது காட்டட்டும், அன்னைக்கே மைக்கைக் கீழ வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுறேன். சாயங்காலம் மைதானத்துக்கு வாங்க. காதால கேட்டுக்கங்க."

பேட்டி எடுத்த பெண் கைதட்டினாள். சமையலறையில் ரேடியோவுக்கு முன்னால் நின்றிருந்த கம்பி டம்ளரை வைத்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

அவருக்குக் கம்பி என்றுதான் பெயர். கிட்டார் வாசிப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில், மேடையில், பேரன் பேத்திகள் வாயில்கூட அவர் கம்பிதான். வயது அறுபத்தைந்து. பாடகிக்கு அறுபத்துமூன்று. முப்பத்தெட்டு வருஷமாக ஒரே ராக் குழு, முப்பத்தாறு வருஷமாக ஒரே வீடு. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று பதினோரு வருஷப் பொய்.

நடந்தது இதுதான். ஐம்பத்திரண்டு வயதில் அவள் குரல் மாறிவிட்டது. பெண்களுக்கு அந்த வயதில் தொண்டைக்குள் இருக்கும் தந்திகள் தடித்துப்போகும் என்று டாக்டர் சொன்னார். அடிக்குரல் கனமாகும், உச்சி கையை விட்டுப் போகும். வியாதி இல்லை, வயசு. அவள் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு கச்சேரியில் "வெளியே வா" பாட்டின் உச்சியில் குரல் கீச்சென்று உடைந்தது. ஆயிரம் பேர் முன்னால். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டவள் ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. "முடிஞ்சுபோச்சு கம்பி, எல்லாத்தையும் வித்துடு" என்றாள்.

அடுத்த கச்சேரிக்கு அவர் சத்தம் போடாமல் கிட்டாரின் ஆறு கம்பிகளையும், சுருதி அரைக் கட்டை இறங்கும்படி தளர்த்தினார். அவ்வளவுதான் செய்தார். விரல் வைக்கும் இடம் அதேதான், பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவள் ஏறினாள், உச்சியைத் தொட்டாள், இறங்கி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "வந்துடுச்சு கம்பி! பார்த்தியா, வந்துடுச்சு!" அந்த முகத்தைப் பார்த்து எந்த மடையன் உண்மையைச் சொல்வான்?

நாலு வருஷம் கழித்து இன்னொரு அரைக் கட்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொன்று. மொத்தம் ஒன்றரை.

எப்படி அவளுக்குத் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். ஏன் தெரிய வேண்டும்? இது இன்ன சுரம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும் காது லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும். மற்றவர்களெல்லாம் கொடுத்த சுருதியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து ஏறி இறங்குகிறவர்கள்தான். அவளுக்குச் சுருதி கொடுப்பது அவர் கிட்டார். தொண்டை எவ்வளவு இறங்கியதோ, கிட்டாரும் கூடவே அவ்வளவு இறங்கியது. அதனால் பாடும்போது தொண்டையில் விழும் இழுவை பழைய இழுவையாகவே இருந்தது. தளர்ந்த கம்பி தொளதொளக்கும் என்று அவர் தடித்த கம்பிகளாக மாற்றிக்கொண்டார். பழைய இசைத்தட்டைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் அவள் அதைத் தொடவே மாட்டாள். "அந்தக் குட்டிப் பொண்ணு கத்துறதை எவ கேப்பா?" என்பாள். பேட்டிக்கு முன்னால் பாட்டைப் போட்டால்கூட காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

குழுவில் மற்ற இருவருக்கும் தெரியும். ஒருவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இன்னொருவன் டிரம்ஸ் அடிக்கும் இடி. பாடகியின் கூடப்பிறந்த தம்பி, அதனால் கம்பிக்கு மச்சான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவள் கோபத்தை அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

மதியம் மூன்று மணிக்கு மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்தில் வாத்தியார் கம்பியை ஓரங்கட்டினார்.

"ரேடியோ கேட்டியா?"

"கேட்டேன். கேட்டதும் அணைச்சுட்டேன்."

"அதை விடு. 'வா' மூணு மாசமா உடையுது, கவனிச்சியா?"

கவனிக்காமல் என்ன? "வெளியே வா" பாட்டின் உச்சி அந்த "வா"தான். எட்டுத் தாளம் நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஒத்திகையில் உடைய ஆரம்பித்ததிலிருந்து, மூன்று மாசமாக, அவள் அதை மேடையில் பாடுவதே இல்லை. சரியாக அந்த இடத்தில் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டிவிட்டு, "நீங்க பாடுங்க!" என்று கத்துவாள். ஜனங்கள் குஷியாகப் பாடுவார்கள். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்குவாள். திரும்பும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது பின்னால் நிற்கும் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"எல்லாக் குரலுக்கும் ஒரு மடிப்பு இருக்கு," என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியார் அல்லவா, கரும்பலகை இல்லாமலேயே விளக்குவார். "அதுக்குக் கீழ நெஞ்சுக்குரல், கணீர்னு வரும். மேல போனா மெல்லிசான குரல். மடிப்பு மேலயே ஒரு சுரம் உக்காந்துச்சுன்னா செத்தோம். அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம உடையும். வயசு ஏற ஏற மடிப்பும் இறங்கும்; நீ ஒன்றரை இறக்கி வெச்ச 'வா' இப்ப சரியா மடிப்பு மேலயே உக்காந்திருக்கு. இன்னும் அரை இறக்கு. மடிப்புக்குக் கீழ வந்துடும். பிளந்து கட்டுவா."

"கம்பி இதுக்கு மேல தளராது. தொளதொளத்துப் போயிடும், சுருதியே நிக்காது."

"தளர்த்த வேணாம். கிட்டார் கழுத்துல விரலை ஒரு கட்டம் கீழ தள்ளி வாசி, அரைக் கட்டை இறங்கிடும்."

கம்பி இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"விரலுக்காகத்தானே?" என்றார் வாத்தியார்.

விரலுக்காகத்தான். இடது கை மோதிர விரல். காலையில் எழுந்தால் வெந்நீரில் கால் மணி நேரம் முக்கினால்தான் மடங்கும். "வெளியே வா" இப்போது இருக்கிற இடத்தில் ஐந்தாவது கம்பியை விரலே வைக்காமல் திறந்தபடி ஒலிக்கவிடலாம்; அந்தத் தடதட வாசிப்பில் பாதி வேலையை அந்தத் திறந்த கம்பி பார்த்துக்கொள்ளும், விரலுக்கு ஓய்வு. ஒரு கட்டம் கீழே போனால் திறந்த கம்பி கிடையாது. ஆட்காட்டி விரலைப் படுக்கப்போட்டு எல்லாக் கம்பியையும் அழுத்திக்கொண்டு, மோதிர விரலை நாலரை நிமிஷம் விடாமல் குத்த வேண்டும். ஒருநாள் பூட்டிய அறையில் முயன்று பார்த்தார். ஒன்றரை நிமிஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து, "அவளுக்கு ஒன்றரையே போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். மனசாட்சிக்கு அது பொய் என்று தெரியும்.

கூடாரத்தின் மறுமூலையில் பாடகி அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, அதன் வழியாக "ஊஊ" என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குமிழியிட்டது. தொண்டையை நோகடிக்காமல் சூடேற்றும் வழி அது. காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த சத்தமே வானொலிப் பேட்டியும் இந்தக் குமிழியும்தான். மீதி நேரமெல்லாம் பலகையில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. இப்போது எழுதிக் காட்டினாள்: "ரெண்டு பேரும் என்ன குசுகுசு?"

"உன் அழகைப் பத்தித்தான்," என்றார் கம்பி.

"பொய்," என்று எழுதினாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஐந்து மணிக்கு மேடை ஏறினார்கள். அடேயப்பா, என்ன கூட்டம்! எட்டாயிரம் பேர். வெயில் இன்னும் இறங்கவில்லை, ஜனங்களின் முகம் கடைசி வரிசை வரை தெரிந்தது. நரைத்த தலைகள், அவர்கள் பெற்ற பிள்ளைகள், தோளில் ஏறி உட்கார்ந்த பொடிசுகள். முதல் தாளம் விழுந்ததும் எழுந்த சத்தத்தில் கம்பியின் முழங்கால் வலி பறந்துபோனது.

அறுபது வயதுக்கு மேல் ஒன்றரை மணி நேரம் ராக் வாசிப்பது சும்மா இல்லை. பாட்டு வரிசையை வாத்தியார் போட்டிருந்தார். முதல் பாட்டு நடு உயரத்தில், தொண்டை வழிக்கு வர. இரண்டாவதும் மூன்றாவதும் வேகம். நாலாவது மெதுவான பாட்டு, எல்லோருக்கும் நாற்காலி. ரசிகர்கள் அதை "மனசைத் தொடும் பகுதி" என்பார்கள். குழுவுக்குள் அதன் பெயர் "உக்கார்ற பகுதி". ஏழாவது பாட்டில் கம்பியின் தனி வாசிப்பு நாலு நிமிஷம் நீளும். அது கலைக்காக இல்லை. பாடகி பின்னால் போய் ஆவி பிடித்துவிட்டு வர நாலு நிமிஷம் ஆகும்.

இடியின் பாடு தனிக்கதை. முன்னெல்லாம் தோளிலிருந்து அடிப்பான். இப்போது மணிக்கட்டை மட்டும் அசைத்து, குச்சி துள்ளி வருவதை வைத்தே அடுத்த அடியை வாங்கிக்கொள்கிறான். காதில் செருகிய கருவியில் டிக் டிக் என்று வேகம் ஓடும். அது இல்லாவிட்டால், களைத்த கை வேகத்தை விட்டுவிடும், பரபரத்த மனசு வேகத்தைக் கூட்டிவிடும், இரண்டுக்கும் நடுவில் பாட்டு அல்லாடும். கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவனுக்கு மூன்று நிமிஷம் கட்டாய ஓய்வு. டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு வாளி நிறைய ஐஸ் இருக்கும். இரண்டு மணிக்கட்டையும் அதில் முக்கிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று முனகுவான். அந்த மூன்று நிமிஷமும் பாடகி ஜனங்களிடம் பேச வேண்டும்.

அன்று எல்லாமே பிரமாதமாகப் போனது. பன்னிரண்டு பாட்டும் கூட்டத்தை ஆட்டி வைத்தன. அவள் தலைமுடி காற்றில் பறக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் மூச்சுப் போய்விடும். ஆனால் ஓடுகிற மாதிரி நடப்பது அவளுக்குக் கைவந்த கலை. கம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு பாட்டு. "வா" வந்ததும் மைக்கை நீட்டிவிடுவாள், ஜனங்கள் பாடிவிடுவார்கள், தப்பித்துவிடலாம்.

இடி வாளியில் கையை விட்டான். அவள் பேச ஆரம்பித்தாள்.

"காலையில ரேடியோ கேட்டவங்க யாரு?"

ஆயிரம் கைகள் உயர்ந்தன.

"சும்மா சொல்லல. அதே சுருதி! முப்பத்தெட்டு வருஷமா அதே சுருதி!"

கூட்டம் கத்தியது. அந்தக் கத்தல் அடங்குவதற்கு முன்னால், நடுவில் எங்கிருந்தோ நாலு பேர் ஆரம்பித்தார்கள். "கதவு யார் கதவு…" என்று "வெளியே வா" பாட்டின் முதல் வரி. நாலு பேர் நாற்பதாகி, நாற்பது பேர் நாலாயிரமானார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை, வெறும் குரல். மைதானமே பாடியது.

கம்பியின் முதுகுத்தண்டு சிலிர்த்தது. அடுத்த நொடியே உறைந்தது.

ஜனங்கள் அந்தப் பாட்டை எங்கே கற்றுக்கொண்டார்கள்? இசைத்தட்டில். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை கேட்டது. வாத்தியம் பக்கத்தில் ஒலித்தால் அந்தச் சுருதிக்கு வந்துவிடுவார்கள். ஒன்றும் ஒலிக்காவிட்டால்? மனசுக்குள் பதிந்த சுருதியில்தான் எடுப்பார்கள். எட்டாயிரம் பேரும் இசைத்தட்டின் சுருதியில் பாடினார்கள். ஒன்றரைக் கட்டை மேலே!

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைக்கை எடுத்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அவர்கள் சுருதியிலேயே.

"வேணாம்டி," என்றார் கம்பி, யாருக்கும் கேட்காமல்.

முதல் வரியும் இரண்டாவது வரியும் ஒன்றும் செய்யவில்லை, அவை கீழே இருக்கிற வரிகள். மூன்றாவதில் பாட்டு ஏற ஆரம்பித்தது. அவள் தோள்கள் உயர்வதைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் ஒரு கையால் தொண்டையைத் தொட்டுக்கொண்டாள். பின்னால் இடி, கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு டிரம்ஸில் பாய்ந்தான். டிரம்ஸுக்கு என்ன சுருதி? அடித்து நொறுக்கினான். அவள் ஒரு கையை வீசி, "வாங்க, வாங்க!" என்று மற்ற இருவரையும் கூப்பிட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கை வீச்சைப் பார்த்தால் கம்பியின் கை தானாகக் கிட்டாரில் விழும். விழுந்துவிட்டது.

டமார்! எட்டாயிரம் குரலும் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். காது கூசியது. முன்வரிசையில் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பாட்டு தடுமாறி, கூட்டம் சிரித்து, கைதட்டி, நின்றது. இடி மட்டும் தாளத்தை விடாமல் மெதுவாக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"யாருய்யா சுருதி தப்பு?" என்று அவள் மைக்கில் கேட்டுச் சிரித்தாள். "கம்பி, நீயா?"

எட்டாயிரம் பேர் சிரித்தார்கள். கம்பி சிரிக்கவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அவள் உதட்டிலேயே நின்றுபோனது. எட்டாயிரம் பேர் சேர்ந்து ஒரே இடத்தில் தப்பு பண்ண மாட்டார்கள். அவள் தொண்டையும் பொய் சொல்லாது. மூன்றாவது வரியில் அது இழுத்த இழுப்பு அவளுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியாத இழுப்பு.

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"எவ்வளவு?"

அவர் ஒரு விரலை நீட்டினார். பக்கத்து விரலைப் பாதி மடக்கிக் காட்டினார்.

"ஒன்றரையா! எப்பலேர்ந்து?"

"குளியலறையைப் பூட்டிக்கிட்டியே, அப்பலேர்ந்து."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் தன் காலணியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நான் தோல் அடிக்கிறவன்!" என்று இடி அடித்துக்கொண்டே கத்தினான்.

"உங்க எல்லாரையும் அப்புறம் வெச்சுக்கறேன்," என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. கோபத்தில் வந்த தண்ணீர். "என் தொண்டை, கம்பி. எனக்குத் தெரியாம அளந்து, எனக்குத் தெரியாம வெட்டியிருக்க. நான் ஊர் முழுக்கப் பெருமை அடிச்சுட்டுத் திரிஞ்சிருக்கேன். கோமாளி மாதிரி."

"நீ விட்டுட்டுப் போயிடுவியேன்னு பயம்."

"மூணு மாசமா 'வா' உடையுது. தினம் ராத்திரி சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு, இன்னையோட முடிஞ்சுச்சுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கேன். அதுவும் உன் வேலையா?"

இதுதான் அவர் பயந்த கேள்வி. பொய் சொல்லியிருக்கலாம். முன்வரிசை கைதட்டி அழைத்துக்கொண்டிருந்தது, ஒரு நொடிதான் இருந்தது, அந்த ஒரு நொடியில் பதினோரு வருஷப் பொய்யோடு இன்னொன்றைச் சேர்த்துவிடலாம். அவருக்குத் திடீரென்று அலுத்துப்போனது.

"ஆமா. இன்னும் அரை இறக்கியிருந்தா உடைஞ்சிருக்காது. இறக்கினா இந்த விரல் தாங்காது. அதனால இறக்கல. உன்னை உடைய விட்டுட்டேன்."

மோதிர விரலை நீட்டினார். கணு வீங்கிச் சிவந்திருந்தது. அவள் அதைப் பிடித்துப் பார்த்தாள். காலையில் வெந்நீர் எதற்கு என்று கேட்டபோதெல்லாம் அவர், "பழக்கம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

"இதையும் மறைச்சியா?" என்றாள். "நல்ல ஜோடிதான் நாம. ரெண்டு பேருமே பொய்க்காரங்க."

பிறகு கையை மைக்கிலிருந்து எடுத்தாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். இதோ சொல்லப்போகிறாள், மைக்கைக் கீழே வைக்கப்போகிறாள், முப்பத்தெட்டு வருஷம் இதோ முடியப்போகிறது.

"ஒரு சங்கதி," என்றாள். குரல் நடுங்கியது, அதை அவள் மறைக்கவில்லை. "இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீங்க பாடினது சரியான சுருதி. நான் பாடிட்டிருக்கறது ஒன்றரைக் கட்டை கீழ. பதினோரு வருஷமா! அரைக் கட்டை இறங்கினாலும் வீட்டுக்குப் போயிடுவேன்னு காலையிலதான் சவடால் விட்டேன்."

முன்வரிசையில் உயர்ந்திருந்த கைகள் இறங்கின.

"கணக்குப்படி பாத்தா நான் பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே போயிருக்கணும். அப்புறம் இந்தப் பதினோரு வருஷமும் நீங்க யாரைக் கேட்டீங்க? பேயையா?"

ஒரு விநாடி. பிறகு எட்டாயிரம் பேரும் வெடித்தார்கள். சிரிப்பா, அழுகையா, விசிலா, என்னவென்று பிரிக்க முடியாத சத்தம். கம்பிக்கு மேடை அதிர்வது காலில் தெரிந்தது.

"நான் போகல!" என்று அவள் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "ஆனா அந்த உசரத்துக்கு என்னால இனிமே ஏற முடியாது. அங்க அந்தக் குட்டிப் பொண்ணுதான் போவா. நீங்க எறங்கி வாங்க. என்கூட வாங்க, வருவீங்களா?"

வருவோம் என்று மைதானம் அலறியது.

அவள் கம்பியிடம் திரும்பினாள். மைக் திறந்தே இருந்தது, எல்லோர் காதிலும் விழுந்தது.

"ரெண்டு கட்டை. எல்லாருக்கும் தெரியும்படியா இறக்கு. முடியுமா, முடியாதா? மறைக்காம சொல்லு."

அவர் விரலைப் பார்த்தார். "நாலரை நிமிஷமும் தாங்கும்னு சொல்ல முடியாது," என்றார். "ஆரம்பிக்கிறேன்."

வாத்தியார் ஏற்கெனவே ஒரு கட்டம் தள்ளி விரலை வைத்துக் காத்திருந்தார், கணக்கு வாத்தியார் ஆயிற்றே. இடி குச்சியைத் தட்டினான். ஒண்ணு, ரெண்டு, மூணு! கம்பி ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்கப்போட்டு அழுத்தினார். மோதிர விரல் இறங்கியது. சுரீரென்று முழங்கை வரை ஏறியது வலி. ஆனால் சத்தம்! திறந்த கம்பியின் பளீர் இல்லை. கனத்த, இறுகிய, தரையில் உரசிக்கொண்டு வருகிற சத்தம். முப்பத்தெட்டு வருஷமாக வாசித்த பாட்டு அவருக்கே புதிதாகக் கேட்டது.

முதலில் அவள் ஒற்றைக் குரலில் சுருதியைக் கொடுத்தாள். கை வைத்து அழுத்துவதுபோல உள்ளங்கையைக் கீழே காட்டி, இங்கே, இங்கே என்று இறக்கினாள். கூட்டம் முதலில் இரண்டாகப் பிரிந்து தடுமாறியது. பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே. பிறகு வரிசை வரிசையாக இறங்கி வந்தார்கள். "கதவு யார் கதவு" என்ற வரி ஆழத்தில் விழுந்தது. சின்ன வயதில் அந்த ஆழம் அவளிடம் இருந்ததே இல்லை, அப்போது அங்கே போனால் வெறும் காற்றுதான் வரும். இப்போது அங்கே ஒரு கரகரத்த, முழுசான குரல் உட்கார்ந்திருந்தது. மேலே கைவிட்டுப் போனது எங்கும் தொலையவில்லை, கீழே வந்து சேர்ந்திருந்தது. தோளிலிருந்த பொடிசுகள்கூட வாயைப் பிளந்தன.

இரண்டு நிமிஷம். மோதிர விரல் மரத்துவிட்டது. இரண்டரை. நெற்றியிலிருந்து வியர்வை கிட்டாரில் சொட்டியது. இடி பின்னாலிருந்து, "விடாதீங்க அத்தான்! விடாதீங்க!" என்று கத்தினான். தனக்கே மணிக்கட்டு போய்க்கொண்டிருக்கிற லட்சணத்தில் அவன் அடுத்தவருக்கு உற்சாகம் கொடுத்தான்.

பாட்டு ஏறியது. "வா" வரும் இடம். ஜனங்கள் பழக்கதோஷத்தில் மைக் தங்கள் பக்கம் நீளும் என்று கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் நீட்டவில்லை. கால்களை அகட்டி, விலா விரிய மூச்சை இழுத்து, கழுத்தை விறைக்காமல், முகத்தை நேராக வைத்துக்கொண்டு எடுத்தாள்.

"வெளியே வாஆஆ…"

உடையவில்லை. மடிப்புக்கு ஒரு விரற்கடை கீழே, நெஞ்சிலிருந்து, முழுசாக வந்தது. ஒரு தாளம், இரண்டு தாளம், மூன்று. அந்தக் குட்டிப் பெண்ணின் கூர்மை அதில் இல்லை. இது அகலம். கம்பி இந்தக் குரலைக் கேட்டதே இல்லை. இதைத்தான் மூன்று மாசமாகத் தன் விரலுக்காக அவளுக்கு இல்லாமல் பண்ணியிருந்தார். நாலு, ஐந்து. கண் மறைத்தது. விரல் கம்பியில் நின்றுபோனது. வலியால் இல்லை, வாசிக்க வேண்டும் என்பதையே மறந்து அவர் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எட்டாவது தாளம் முடிந்தது. அவள் அடுத்த வரிக்கு மூச்சை இழுக்கும் அந்த அரை நொடியில் தலையைத் திருப்பினாள். கன்னமெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் அதே கோபம்.

"வாசிய்யா!" என்று அதட்டினாள்.

அவர் வாசித்தார்.